வீட்டை விட்டு வந்தது நான்தான், விவாகரத்து கேட்க முடியுமா?

கேள்வி: "கல்யாணமாகி 7 வருஷம், இந்து முறைப்படி நடந்தது. குழந்தை இல்லை. கணவர் குடித்துவிட்டு வந்து சந்தேகப்பட்டுப் பேசுவார். 2024 ஜூனில் ஒரு ராத்திரி நான் வேலை முடிந்து வந்தபோது தாம்பரம் வீட்டின் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே விடவில்லை. மறுநாள் பெரம்பூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். 2025 பொங்கலுக்குப் பெரியவர்கள் பேசி அனுப்பினார்கள். பத்து நாள் இருந்தேன், முடியவில்லை, திரும்பிவிட்டேன். மார்ச்சில் என் ஆபீஸ் மேனேஜருக்கு போன் செய்து, எனக்கும் கூட வேலை பார்ப்பவருக்கும் தொடர்பு என்று சொன்னார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இரண்டு வருஷம் பிரிந்திருந்தால்தான் டைவர்ஸ் கிடைக்கும், அதுவரை ஜுடிஷியல் செபரேஷன் போட்டு வை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரியா? வீட்டை விட்டு வந்தது நான் என்பதால் தப்பு என்மேல் வருமா?"

நீங்கள் நாள் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலில் தெரிய வேண்டியது, உங்கள் கதையில் எந்தக் காரணம் சட்டத்தின் முன் நிற்கும் என்பது. அது தெரிந்தால் நாள் கணக்கு தானாக வந்துவிடும். சென்னை குடும்ப நீதிமன்றத்தில் பல வருஷமாக வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டு வருஷக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவு விவாகரத்துக்கான காரணங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. அதில் கைவிட்டுப் போதல் ஒன்று, கொடுமை இன்னொன்று. கைவிடுதலுக்குத்தான் இரண்டு வருஷம் வேண்டும். அதுவும் மனு போடும் நாளுக்கு முன்னால் விட்டுவிடாமல் தொடர்ந்த இரண்டு வருஷம். கொடுமைக்கு அப்படி எந்தக் காலவரம்பும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்திருக்க வேண்டும் என்ற பொது விதி மட்டும் உண்டு. உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது.

கல்யாணத்தை முறிக்காமல் பிரிந்து வாழ நீதிமன்றம் தரும் தீர்ப்புதான் ஜுடிஷியல் செபரேஷன். இந்த விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அது விவாகரத்தை விட இலேசாகக் கிடைக்கும், காரணம் பெரிதாக வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அது வெறும் வதந்தி அல்ல, பழைய சட்டத்தின் மிச்சம். 1955-இல் சட்டம் வந்தபோது கொடுமையும் கைவிடுதலும் ஜுடிஷியல் செபரேஷனுக்கு மட்டுமே காரணங்கள். அவற்றை வைத்து நேரடியாக விவாகரத்து கேட்க முடியாது. முதலில் பிரிந்து வாழத் தீர்ப்பு வாங்க வேண்டும், பிறகு காத்திருந்து விவாகரத்து கேட்க வேண்டும். 1976 திருத்தம் இதை மாற்றிவிட்டது. இப்போது 10-ஆம் பிரிவின்படி, விவாகரத்துக்கு என்னென்ன காரணங்களோ அவையேதான் ஜுடிஷியல் செபரேஷனுக்கும். கைவிடுதல் என்று சொல்லி ஜுடிஷியல் செபரேஷன் கேட்டாலும் அதே இரண்டு வருஷத்தைக் காட்ட வேண்டும். கொடுமை என்று கேட்டால் விவாகரத்துக்குக் காட்டும் அதே சாட்சியத்தைக் காட்ட வேண்டும். ஆகவே காத்திருக்கும் காலத்தை ஓட்டுவதற்கு அதைப் போட்டு வைப்பதில் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் உண்டு. எதிர்த்து நடக்கும் வழக்கில் ஜுடிஷியல் செபரேஷன் தீர்ப்பு வாங்கவும், விவாகரத்துக்கு ஆவது போலவே, வருஷக்கணக்கில் ஆகலாம். அந்தத் தீர்ப்பு வந்த பிறகு ஒரு வருஷம் நீங்கள் இருவரும் சேர்ந்து வாழாமல் இருந்தால்தான் அதை வைத்து விவாகரத்து கேட்க வழி திறக்கும். அந்த வழி இருவருக்குமே திறக்கும், உங்கள் கணவரும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் யார் கேட்டாலும் தானாகக் கிடைத்துவிடாது. மனைவி வாங்கிய ஜுடிஷியல் செபரேஷன் தீர்ப்புக்குப் பிறகும் வேறு பெண்ணுடன் வாழ்ந்துகொண்டு, ஜீவனாம்சத்தையும் கட்டாமல் இருந்த ஒரு கணவர், அதே தீர்ப்பைக் காட்டி விவாகரத்து கேட்டார். 2001-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தன் தப்பிலிருந்தே ஒருவர் லாபம் அடையக் கூடாது என்று 23-ஆம் பிரிவு சொல்வதுதான் அடிப்படை.

அப்படியானால் ஜுடிஷியல் செபரேஷன் யாருக்கு? உறவை முழுக்க அறுக்க மனசு வராதவர்களுக்கு, மத நம்பிக்கையால் விவாகரத்து வேண்டாம் என்பவர்களுக்கு. அந்தத் தீர்ப்பு வந்தால் சேர்ந்து வாழ வேண்டிய கடமை போய்விடும், ஆனால் நீங்கள் மனைவிதான். இருவருமே மறுமணம் செய்ய முடியாது, செய்தால் குற்றம். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் நீங்கள் வாரிசு. பின்னால் மனசு மாறினால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லியும் கேட்கலாம். உங்களுக்கு வேண்டியது இதுதான் என்றால் தாராளமாக அதையே கேளுங்கள். விவாகரத்துக்குப் படிக்கட்டாக மட்டும் நினைத்துக் கேட்காதீர்கள்.

இனி நீங்கள் பயப்படுகிற விஷயம், வீட்டை விட்டு வந்தது யார் என்பது. கைவிடுதல் என்பது யார் காலடி வாசலைத் தாண்டியது என்பதைப் பொறுத்தது அல்ல. பிரிந்திருப்பது ஒரு பங்கு, இனி சேர்ந்து வாழப்போவதில்லை என்ற எண்ணம் இன்னொரு பங்கு. விட்டுச் செல்லப்பட்டவரின் சம்மதம் அதில் இருக்கக் கூடாது. பிரிந்து போக நியாயமான காரணத்தை அவர் தந்திருக்கவும் கூடாது. 1956-இல் பிபின் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது, இன்றும் அதுதான் அளவுகோல். வாழ முடியாத நிலையை உண்டாக்கி ஒருவரை வெளியே தள்ளினால், தள்ளியவர்தான் கைவிட்டவர், வீட்டுக்குள்ளேயே இருந்தாலும். கேட்டைப் பூட்டிய ராத்திரி அதற்குத் தெளிவான உதாரணம். அன்று கேட்டுக்கு வெளியே எத்தனை மணி வரை நின்றீர்கள், யார் பார்த்தார்கள், யார் வீட்டில் படுத்தீர்கள், யாருக்கு போன் செய்தீர்கள் என்பதெல்லாம் இப்போதே எழுதி வைக்க வேண்டியவை.

ஆனால் கைவிடுதலை நம்பி நீங்கள் இன்று மனு போட முடியாது. அதற்குக் காரணம் பொங்கல். 2024 ஜூனில் தொடங்கிய கணக்கு, நீங்கள் 2025 ஜனவரியில் திரும்பிப் போய்ப் பத்து நாள் கணவன் மனைவியாக வாழ்ந்ததோடு அறுந்துவிட்டது. ஜனவரிக் கடைசியில் வந்தீர்கள் என்றால் புதிய கணக்கு அன்றிலிருந்து. 2027 ஜனவரிக் கடைசியில்தான் இரண்டு வருஷம் நிறையும். இப்போதே மனு போட்டுவிட்டு, வழக்கு நடக்கும்போது மீதி நாள் ஓடிவிடும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அது எடுபடாது. மனு போடும் நாளில் இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கதை நிற்க வேண்டிய இடம் கொடுமை. அடி உதை இருந்தால்தான் கொடுமை என்று நினைக்காதீர்கள், மனக் கொடுமையும் சட்டத்தில் கொடுமைதான். குடிப்பது மட்டும் தனியாக ஒரு காரணம் ஆகாது. குடித்துவிட்டு உங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் காரணம் ஆகும். இதையெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. கிரிமினல் கேஸ் போல இது இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதி எடைபோட்டுப் பார்ப்பார். 1975 தாஸ்தானே தீர்ப்பிலிருந்து அதுதான் நிலை.

உங்கள் கையில் இருப்பதில் பலமானது எது என்று கேட்டால், நான் மேனேஜருக்கு வந்த போனைச் சொல்வேன். மனைவியின் நடத்தை மேல் ஆதாரமில்லாமல் பழி சொல்வது கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் கணவர் பழி சொன்னது நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலுரையில். பின்னால் அதை நீக்கிக்கொள்ளப் பார்த்தார், அப்போதும் தப்பவில்லை. உங்கள் விஷயத்தில் நீங்கள் சம்பளம் வாங்கும் இடத்துக்கே போனைப் போட்டு, மேலதிகாரியின் காதில் சொல்லியிருக்கிறார். அந்த மேனேஜர் சாட்சி சொல்ல வருவாரா என்பதுதான் கேள்வி. வர மாட்டார் என்றால், அன்று அவர் உங்களுக்கு அனுப்பிய மெயிலோ வாட்ஸாப் செய்தியோ இருக்கிறதா பாருங்கள். போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீட்டினால் போதாது. இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடும்ப நீதிமன்றம் சாட்சிய விதிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம்தான், ஆனால் அதை நம்பிச் சான்றிதழை விடுவதில் அர்த்தமில்லை.

பொங்கல் இங்கேயும் குறுக்கே வரும். கொடுமையைப் பொறுத்துக்கொண்டு, மன்னித்துவிட்டுத் திரும்பி வாழ்ந்தவர் பிறகு அதையே காரணமாகச் சொல்ல முடியாது என்பது 23-ஆம் பிரிவில் உள்ள தடை. கணவர் தரப்பு வக்கீல் நிச்சயம் குறுக்கு விசாரணையில் இதைத்தான் பிடிப்பார்: "கேட்டைப் பூட்டினார் என்கிறீர்கள், அப்புறம் ஏன் பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்து இருந்தீர்கள்?" இதற்குப் பதில் இருக்கிறது. சட்டம் பார்க்கும் மன்னிப்பு நிபந்தனையோடு கூடியது. இனி அப்படி நடக்காது என்ற நம்பிக்கையில் தரப்படுவது. மறுபடி நடந்தால் பழைய கொடுமைக்கும் உயிர் வந்துவிடும். மார்ச் போன் அந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் உங்கள் மனுவில் தேதி வரிசை முக்கியம்: ஜூனில் கேட், ஜனவரியில் பெரியவர்கள் பேசியது, அங்கே பத்து நாளில் நடந்தது, மார்ச்சில் போன். பொங்கலை மறைக்காதீர்கள். நீங்களே சொன்னால் அது வாழ முயன்ற பெண்ணின் செயல். அவர்கள் வெளியே கொண்டுவந்தால் நீங்கள் மறைத்த விஷயம்.

மனுவை எழுதும்போது நான் அதிகம் பார்க்கும் குறை, கொடுமையைப் பொதுவாக எழுதிவிடுவது. "எதிர்மனுதாரர் அடிக்கடி குடித்துவிட்டு மனுதாரரைக் கேவலமாகப் பேசி மனவேதனை கொடுத்தார்" என்று எழுதினால் அதை எந்தச் சாட்சியாலும் பிடித்து நிறுத்த முடியாது. அதே விஷயத்தை, "2024 ஜூன் மாதம் இன்ன தேதி இரவு பத்தரை மணிக்கு மனுதாரர் வேலை முடிந்து வந்தபோது கேட் உள்பக்கம் பூட்டப்பட்டிருந்தது, எதிர்மனுதாரர் மாடியிலிருந்து இன்ன வார்த்தைகளைச் சொன்னார், எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார், மனுதாரர் அன்று இரவு அவர்கள் வீட்டில் தங்கினார்" என்று எழுதுங்கள். மணி, தேதி, வார்த்தை எல்லாம் உங்கள் நினைவில் இருப்பதுதான் வர வேண்டும், நான் எழுதியது மாதிரிக்கு. சரியான தேதி தெரியாவிட்டால் "மாதத்தின் இரண்டாவது வாரம்" என்று எழுதலாம், தெரியாத தேதியைத் துணிந்து போடக் கூடாது. ஒரு தேதி தப்பாகிவிட்டால் நிஜமாக நடந்ததும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் உறுதியான சட்டம். இனி நீதிபதியைப் பொறுத்தது. ஒரு கேட் பூட்டிய ராத்திரியும் ஒரு போன் அழைப்பும் போதுமா? சாதாரணக் குடும்பச் சண்டை, உரசல், கோபத்தில் வந்த வார்த்தை இதெல்லாம் கொடுமை ஆகாது என்று 2007 சமர் கோஷ் தீர்ப்பு சொல்கிறது, முழு வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சந்தேகப் பேச்சு ஏழு வருஷமாகத் தொடர்ந்தது என்பதற்கு இரண்டு மூன்று சம்பவங்களாவது, உங்கள் அம்மாவைத் தவிர இன்னொரு சாட்சியாவது இருந்தால் வழக்கு பலமாக இருக்கும். மேனேஜர் சாட்சியமும் கிடைத்தால் தைரியமாக நடத்துவேன். எதுவும் இல்லாமல் உங்கள் வாய்ச்சொல் மட்டும் என்றால் முடிவு எந்தப் பக்கமும் போகலாம். "இனி சேரவே முடியாது" என்பதை மட்டும் வைத்து விவாகரத்து கேட்கிறவர்களும் உண்டு. மீட்க முடியாமல் உடைந்த திருமணம் என்று கலைத்துவிடும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழ் உண்டு, 2023 மே மாதத் தீர்ப்பில் அதை உறுதி செய்தார்கள். குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. இவ்வளவு குறுகிய பிரிவுக்கு அதைப் பேசிப் பயனும் இல்லை.

கணவர் பக்கம் என்ன செய்யக்கூடும் என்றும் யோசித்து வையுங்கள். சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி 9-ஆம் பிரிவில் மனு போடலாம். அப்போது விலகி வர நியாயமான காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். கேட் விஷயமும் மார்ச் விஷயமும் அந்தப் பதிலிலேயே வந்துவிட வேண்டும். பின்னால் மனுவில் முதல்முறையாகச் சொன்னால், யோசித்துச் சேர்த்தது என்பார்கள்.

இருவருக்கும் சம்மதம் என்றால் பாதை வேறு, 13-பி பிரிவில் கூட்டு மனு. அதற்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பொங்கல் அங்கேயும் கணக்கில் வரும், ஆகவே 2026 ஜனவரிக் கடைசியில்தான் அந்த ஒரு வருஷம் நிறையும். முதல் மனுவுக்கும் இரண்டாவது முறை நீதிமன்றத்தில் நிற்பதற்கும் இடையில் ஆறு மாதம் உண்டு. ஜீவனாம்சம், நகை எல்லாம் பேசி முடிந்து, சேர வாய்ப்பே இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தள்ளுபடி செய்வதா இல்லையா என்பது நீதிபதியின் விருப்பம்.

உங்கள் கல்யாணம் கோயிலில் நடந்ததோ, சுயமரியாதை முறையில் மாலை மாற்றியதோ, இரண்டுக்கும் இதே சட்டம்தான். சார்பதிவாளர் ஆபீஸில் பின்னால் பதிவு செய்ததால் சட்டம் மாறிவிடாது. இதே சம்பவங்களோடு ஒரு கிறிஸ்தவப் பெண் வந்தால் 1869 விவாகரத்துச் சட்டத்தில் கொடுமை என்று போட வேண்டும். அங்கே, சேர்ந்து வாழ்வது தனக்குத் தீங்காகும் என்ற நியாயமான பயத்தையும் காட்ட வேண்டும், அந்த அளவுகோல் கொஞ்சம் கடினம். முஸ்லிம் பெண் என்றால் 1939 சட்டத்தில், உடலில் கை வைக்காவிட்டாலும் வாழ்க்கையைத் துன்பமாக்கும் நடத்தை கொடுமைதான். இரண்டு வருஷம் ஜீவனாம்சம் தராததும் அங்கே தனிக் காரணம். ஜுடிஷியல் செபரேஷன் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இல்லை.

கடைசியாக, எங்கே போடுவது. கணவர் தாம்பரத்தில் இருந்தாலும் மனைவி தான் குடியிருக்கும் இடத்தில் மனு போடலாம் என்று 2003-இல் திருத்தம் வந்தது. நீங்கள் பெரம்பூரில் இருப்பதால் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சென்னை குடும்ப நீதிமன்றத்திலேயே போடலாம். முகவரியைக் காட்ட ஏதாவது ஒன்று கையில் வேண்டும், ஆதார் இன்னும் தாம்பரம் முகவரியில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். மனுவை விவாகரத்துக்கே போடுங்கள், கொடுமை என்ற காரணத்தின் மேல். சாட்சியத்தைப் பார்த்து, விவாகரத்து அளவுக்கு வேண்டாம் என்று நீதிபதி நினைத்தால் 13-ஏ பிரிவின் கீழ் அவரே ஜுடிஷியல் செபரேஷன் தரலாம். ஜுடிஷியல் செபரேஷன் மட்டும் கேட்டுவிட்டு நின்றால், அதே மனுவில் அவர் விவாகரத்து தர முடியாது.